பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது

கேள்வி: 7ஆம் தேதி இரவு நெட்பேங்கிங்கில் கடவுச்சொல்லை இரண்டு முறை தவறாக அடித்தேன். கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. மறுநாள் கிளையில் திறந்து கொடுத்தார்கள், கடவுச்சொல்லையும் மாற்றினேன். 9ஆம் தேதி காலை 6.10க்கு மறுபடியும் பூட்டப்பட்டதாகக் குறுஞ்செய்தி. நான் தொடவே இல்லை. மீண்டும் திறந்தார்கள், 10ஆம் தேதி அதே நேரத்தில் மறுபடியும் பூட்டு. அன்றுதான் அதே வங்கியின் கிரெடிட் கார்டு பில்லுக்குக் கடைசி நாள். 12ஆம் தேதி கிளையில் பணமாகக் கட்டினேன். தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள். வங்கிக்குப் புகார்க் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: எழுத உட்காரும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வங்கிகளில் தொடர்ந்து மூன்று தவறான முயற்சிகள் நடந்தால் பூட்டு விழும். சில வங்கிகளில் ஐந்து. உங்கள் கை தவறியது இரண்டு முறைதான். அப்படியானால் மிச்ச முயற்சி யாருடையது? உங்கள் புகாரின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. “தயவுசெய்து திறந்து கொடுங்கள்” என்று மட்டும் எழுதினால் திறந்துவிட்டு, புகார் தீர்ந்தது என்று முடித்துவிடுவார்கள். அடுத்த நாள் காலை 6.10க்கு மறுபடியும் பூட்டு விழும்.

கடவுச்சொல்லை மாற்றியும் பூட்டு நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. தவறான முயற்சிகள் உங்கள் யூசர் ஐடியின் பேரில்தான் எண்ணப்படுகின்றன. ஐடி தெரிந்த எவரும், எந்த இடத்திலிருந்தும், கடவுச்சொல் தெரியாமலேயே உங்களை வெளியே தள்ளிப் பூட்ட முடியும். நீங்கள் கடவுச்சொல்லை மாற்ற மாற்ற, பழையதை வைத்துக்கொண்டு முயல்வது எதுவோ அது தோற்றுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தோல்வியும் எண்ணிக்கையில் சேரும்.

நேரம் மாறாமல் இருப்பது ஒரு நல்ல தடயம். மனிதர் முயன்றால் நேரம் முன்பின்னாக இருக்கும். நாள்தோறும் ஒரே நிமிடத்தை ஒட்டி வந்தால், எங்கோ ஒரு செயலி பழைய கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே நுழையப் பார்க்கிறது என்று சந்தேகிக்கலாம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருக்கு இதே சிக்கல் மூன்று வாரம் நீடித்தது. வீட்டு அலமாரியில் சார்ஜரில் கிடந்த பழைய டேப்லெட்டில், வரவு செலவு பார்க்க என்று வங்கிக் கடவுச்சொல்லையே கொடுத்துவைத்த ஒரு செயலி இருந்தது. அது தினமும் விடியற்காலையில் இருப்பைப் பார்க்கப் போய்த் தோற்றுக்கொண்டிருந்தது. செயலியை அழித்ததும் பூட்டு நின்றது. நீங்களும் பழைய போன், அலுவலகக் கணினி, கடவுச்சொல்லைச் சேமித்துவைத்த பிரவுசர் எல்லாவற்றையும் ஒருமுறை தேடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறு எந்தச் செயலியிடமும் கொடுக்கவே கூடாது.

தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், யாரோ முயல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இரண்டில் எதுவானாலும் உறுதி செய்யும் சான்று வங்கியிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியின் தேதி, நேரம், அது வந்த ஐபி முகவரி, இணையதளம் வழியாகவா மொபைல் செயலி வழியாகவா என்பதெல்லாம் பதிவாகும். கிளை ஊழியருக்குப் பெரும்பாலும் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்ற நிலை மட்டும்தான் திரையில் தெரியும். பதிவேடு தலைமை அலுவலகப் பிரிவிடம் இருக்கும். ஆகவே கிளை மேலாளருக்கு எழுதினாலும், அங்கே அனுப்பும்படி கடிதத்திலேயே கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“பொருள்: நெட்பேங்கிங் மூன்று முறை பூட்டப்பட்டது, காரணமும் பதிவேடும் கோரி.

ஐயா / அம்மா, என் சேமிப்புக் கணக்கின் கடைசி நான்கு எண்கள் ….; கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்கள் ….. 7ஆம் தேதி இரவு நான் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தவறாக இட்டேன். அவை என் முயற்சிகளே. 9, 10 ஆகிய தேதிகளில் காலை 6.10 அளவில் பூட்டு விழச் செய்த முயற்சிகள் நான் செய்தவை அல்ல. குறுஞ்செய்திகளின் நகலை இணைத்துள்ளேன்.

என் நெட்பேங்கிங்கைத் திறந்து, யூசர் ஐடியை மாற்றித் தர வேண்டுகிறேன். 7 முதல் 10ஆம் தேதி வரை நடந்த எல்லா முயற்சிகளின் நேரம், வழி, ஐபி முகவரி ஆகியவற்றை உரிய பிரிவிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தரவும். இந்த நாள்களில் என் மொபைல் எண், மின்னஞ்சல், பணம் பெறுவோர் பட்டியல் ஆகியவற்றில் எந்த மாற்றமும் நடக்கவில்லை என்பதையும் உறுதி செய்யவும்.

10ஆம் தேதி கட்ட வேண்டிய கார்டு பில்லை 12ஆம் தேதி கிளையில் கட்டினேன், ரசீது இணைப்பில். விதிக்கப்பட்ட தாமதக் கட்டணத்தைத் திருப்பி வரவு வைக்கவும். இப்புகாருக்கான பதிவு எண்ணைத் தரவும்.”

தவறு உங்களுடையதாக இருந்த இரண்டு முயற்சிகளைக் கடிதத்தில் மறைக்காதீர்கள். பதிவேட்டில் அவை இருக்கும். நீங்களே சொல்லியிருந்தால்தான் மற்றவை உங்களுடையவை அல்ல என்ற சொல்லுக்கு எடை கிடைக்கும். கடவுச்சொல், ஓடிபி, முழு கார்டு எண் எதையும் எழுத வேண்டாம். யூசர் ஐடியைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறேன். கணக்கு எண்ணை வைத்து வங்கியால் அதைக் கண்டுகொள்ள முடியும்.

தாமதக் கட்டணத்தைச் சலுகையாகக் கெஞ்ச வேண்டாம். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகளின்படி, கடைசி நாள் கடந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். நீங்கள் இரண்டாம் நாளே கட்டிவிட்டீர்கள்.

கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். புகார் கொடுத்தபின் “வங்கியிலிருந்து பேசுகிறோம், பூட்டைத் திறக்க ஓடிபி சொல்லுங்கள்” என்று யார் அழைத்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல், கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதையே பயன்படுத்துங்கள். இதற்கிடையில் கணக்கிலிருந்து நீங்கள் அறியாமல் பணம் போயிருந்தால், கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான சான்றை அங்கே கேட்பார்கள். முத்திரையிட்ட நகலை அதற்காகத்தான் வாங்கச் சொன்னேன்.