வேலைக்குப் போகும் வயதினர் கூடியபோது சிங்கப்பூரில் நடந்தது: கேள்வி பதில்

மாணவி, உட்லண்ட்ஸ்: சிங்கப்பூரின் வளர்ச்சியில் மக்கள்தொகை ஈவின், அதாவது வேலை செய்யும் வயதினரின் விகிதம் கூடுவதால் வரும் பலனின், பங்கு எவ்வளவு? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஓரளவு முடியும். 1966இல் மொத்த மக்களில் 27 விழுக்காட்டினர்தான் வேலையில் இருந்தார்கள். 1990இல் 51. ஓர் ஊழியரின் உற்பத்தி துளியும் கூடாமல் இருந்திருந்தாலும், இது ஒன்றே தலைக்கு வருமானத்தை அந்த 24 ஆண்டுகளில் இரட்டிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கும். ஆனால் இதில் ஏறக்குறைய பாதிதான் வயதுக் கணக்கு: 15 முதல் 64 வயதினரின் பங்கு சுமார் 54இலிருந்து 73 விழுக்காடானது. மீதி, பெண்கள் வேலைக்குப் போனதாலும் வேலையின்மை குறைந்ததாலும் வந்தது. பிள்ளைகள் குறைந்ததால்தானே பெண்களால் போக முடிந்தது, அதையும் ஈவில் சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வாசகர், ஈசூன்: இளையர்கள் நிறைய இருந்தால் நாடு தானாக வளரும். இந்தியாவுக்கும் அதுதானே நடக்கப்போகிறது?

பாதி சரி. 1960களில் இங்கும் இளையர்கள் ஏராளம், கூடவே வேலையின்மையும். ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்து ஆள் எடுத்த பிறகுதான் அந்த வயது வருமானமாக மாறியது. சும்மா இருப்பவர் எதைச் சேமிப்பார்? இந்தியாவை ஒரே நாடாக வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். தமிழ்நாடு மூப்படைந்து வருகிறது, பீகாருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஓய்வுபெற்றவர், தோ பாயோ: 1984இல் என் சம்பளத்தில் பாதி மத்திய சேமநிதியான மசேநிக்குப் போனது. அந்தச் சேமிப்பு வயதால் வந்ததா, சட்டத்தால் வந்ததா?

ஐயா, உங்களிடம் பிடித்தது 25 விழுக்காடு. முதலாளி தன் பங்காக இன்னொரு 25 போட்டார். 1955இல் இது ஐந்தும் ஐந்துமாகத் தொடங்கியது. விகிதத்தை ஏற்றியது சட்டம்தான். ஆனால் கட்டுபவர்கள் அதிகமாகவும் 55 வயதாகி எடுப்பவர்கள் குறைவாகவும் இருந்ததால்தான் நிதி அவ்வளவு வேகமாகக் குவிந்தது. அது அரசுப் பத்திரங்களுக்குப் போனது. அரசும் தன் வரவில் மிச்சம் பிடித்தது. மொத்த உற்பத்தியில் முதலீட்டின் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 40ஐத் தாண்டியதற்கு வெளிநாட்டு முதலீட்டோடு இதுவும் காரணம். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

அதற்கும் எல்லை இருந்தது. 1985இல் பொருளாதாரம் சுருங்கியபோது, ஊழியர் செலவு மிஞ்சிப்போனது என்பதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 1986இல் முதலாளி பங்கை 10ஆகக் குறைத்தார்கள்.

இன்னொரு வாசகர்: வெளிநாட்டு ஊழியர்களை வரவழைத்தால் ஈவு முடியவே முடியாதே?

வேலை செய்யும் வயதினரின் விகிதம் பார்க்க நன்றாக இருக்கும், அதுவரை சரி. ஆனால் வேலை அனுமதியில் வருபவர் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி ஊருக்குப் போகிறது, ஒருநாள் அவரும் போய்விடுவார். இங்கேயே மூப்படைபவர்களின் எண்ணிக்கை இதனால் குறையாது. 2023இல் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.97. அப்புறம், 27ஐ 51 ஆக்கியதுபோல் 51ஐ 102 ஆக்க முடியாது. இனி தலைக்கு வருமானம் உயர்வது பெரும்பாலும் ஒவ்வொருவரின் உற்பத்தியால்தான்.