நான்கு கட்டக் காமிக்ஸை அனிமேஷனாக்கும்போது நேரத்தைப் பிரிப்பது எப்படி?

"நான்கு கட்டத்துக்கும் தலா மூன்று விநாடி கொடுத்தேன். காகிதத்தில் சிரிப்பு வந்தது, வீடியோவில் வரவில்லை. ஏன்?"

சமமாகப் பிரித்ததுதான் காரணம். காகிதத்தில் எந்தக் கட்டத்தில் நின்று பார்ப்பது என்பதை வாசகரின் கண் முடிவு செய்கிறது. வீடியோவில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம்: சிறுவன் பந்தை அடிக்கிறான், ஜன்னல் உடைகிறது, அவன் உறைந்து நிற்கிறான், அம்மா பந்தோடு வருகிறார். முதல் கட்டத்துக்கு இரண்டு விநாடி போதும். இரண்டாவதைக் காட்டவே வேண்டாம். சிறுவனின் முகத்தின் மேலேயே கண்ணாடி உடையும் சத்தத்தைப் போடுங்கள். பார்ப்பவர் மனதில் உடையும் ஜன்னல் வரைந்ததைவிடப் பெரியது.

மூன்றாவதுதான் உயிர். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், அதற்கு 60 ஃபிரேம், அதாவது இரண்டரை விநாடி கொடுங்கள். பின்னணி இசையை நிறுத்திவிட்டு, மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் விடுங்கள். கேமரா அசையக் கூடாது. இங்கே மெதுவாக ஜூம் செய்தால், ஏதோ வரப்போகிறது என்று முன்பே சொன்னதாகிவிடும். அப்புறம் இடையில் எதுவும் இல்லாமல், நேரடியாக அம்மா வரும் காட்சிக்கு மாறுங்கள்.

வண்ணம் தீட்டும் முன், வெறும் கோட்டுப்படங்களை ஒலியோடு கோத்து, கதை தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். அம்மா வருவதற்குள் அவர் பார்வை திரையை விட்டு விலகினால், மூன்றாம் கட்டத்தில் பத்துப் பத்து ஃபிரேமாகக் குறையுங்கள்.