மாணவிகளிடம் கேமரா கொடுத்துச் செய்யும் சுகாதார ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் போதுமா?

கேள்வி: சமூக மருத்துவம் படிக்கிறேன். அரசுப் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்பு மாணவிகள் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை ஏன் சாப்பிடாமல் விடுகிறார்கள் என்று, மாணவிகளே படம் எடுத்து அதை வைத்துப் பேசும் போட்டோவாய்ஸ் முறையில் ஆராயப் போகிறேன். நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இனி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

குழு ஒப்புதல் தந்த அன்று ஒரு படம்கூட எடுக்கப்பட்டிருக்காது. எந்தப் படத்துக்குச் சம்மதிக்கிறோம் என்பது மாணவிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அதனால் உண்மையான சம்மதத்தை, படம் கையில் வந்த பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் தனியாக வாங்க வேண்டும். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் இதை மனதில் வைத்தே செய்யுங்கள்.

கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்களோடு சேர்ந்து வளர்த்த முறை போட்டோவாய்ஸ். மக்கள் எடுத்த படங்கள் அதிகாரிகளின் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. உங்கள் ஆய்வில் அந்தப் படங்களை முதலில் பார்க்கப்போகும் அதிகாரி தலைமையாசிரியர். மறுநாள் காலையிலும் அந்தப் பெண் அதே பள்ளிக்குத்தான் வந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் வாங்கும் படிவங்கள் எளியவை. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 12 முதல் 18 வயது வரை உள்ளவரிடம் எழுத்துமூல இசைவும் வாங்க வேண்டும் என்கின்றன ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள். தலைமையாசிரியர் தருவது பள்ளிக்குள் வருவதற்கான அனுமதி மட்டும்தான், அது மாணவியின் சம்மதம் ஆகாது. யார் சேரவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியக் கூடாது. அதனால் பெயரைப் பள்ளி அலுவலகம் வழியாகக் கேட்காமல், எல்லாருக்கும் உறை கொடுத்து, விருப்பம் இல்லாதவர்களும் உறையை மூடித் திருப்பித் தரும்படி செய்யுங்கள்.

கலந்துரையாடும் மாணவிகள் குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் படத்தைப் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கேமராவை நீங்களே கொடுங்கள். வீட்டு செல்போனில் எடுத்தால் படம் அண்ணன் கைக்கும் போகும், தானாகவே கூகுள் போட்டோஸிலும் ஏறிவிடும். கையில் கேமரா இருக்கிறது என்பதை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் விளக்கும் ஒரு கடிதமும் மாணவியிடம் இருக்கட்டும்.

அடுத்தது, என்ன கேட்டுப் படம் எடுக்கச் சொல்கிறோம் என்பது. “ரத்தசோகை பற்றிப் படம் எடுத்து வாருங்கள்” என்றால் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று சுவரொட்டி மாதிரியே வந்து சேரும். நல்ல பெயர் வாங்க எழுதும் வீட்டுப்பாடம் அது. “மாத்திரை தரும் நாளில் காலை எழுந்ததிலிருந்து பள்ளி விடும்வரை உன் கண்ணில் படுவதை எடு. எவ்வளவு வேண்டுமானாலும் எடு, ஐந்தை மட்டும் கொண்டு வா” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். முகம் வேண்டாம், கை, நிழல், பொருள், இடம் போதும். ஆள் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் கேட்ட பிறகுதான் கேமராவைத் தூக்க வேண்டும். கழிப்பறை, உடை மாற்றும் இடம் பக்கம் கேமராவே போகக் கூடாது. இவற்றை வாயால் சொன்னால் மட்டும் போதாது, பள்ளி வளாகத்தில் நடந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்க நினைத்து எடுக்காமல் விட்ட படங்களை ஒரு நோட்டில் இரண்டு வரியாக எழுதி வரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், எடுத்த படங்களைவிட அந்த நோட்டில்தான் விஷயம் அதிகம்.

இனி ஒரு படத்தை வைத்துப் பேசுவோம். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, ஈரமண்ணில் சாயம் கசிந்து கிடக்கும் இரண்டு நீல மாத்திரைகளை ஒரு மாணவி எடுத்து வந்திருக்கிறாள் என்று வையுங்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள அதே மாத்திரை. போட்டோவாய்ஸில் வழக்கமான ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். என்ன தெரிகிறது? மாத்திரை. உண்மையில் என்ன நடக்கிறது? வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்த் துப்புகிறார்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? விழுங்கினால் குமட்டுகிறது. ஏன் இப்படி? பதிவேட்டை முதல் பீரியடிலேயே முடித்தாக வேண்டும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரை வருகிறது. பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். என்ன செய்யலாம்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி முடித்திருக்க வேண்டிய ஆய்வு, நான்காவது கேள்வியில் பதிவேட்டுக்கு வந்து நிற்கிறது. அவசரத்தில் பலரும் இரண்டாவது கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்தப் படத்தில் முகமே இல்லை, ஆனாலும் இது ஆபத்தான படம். எந்த ஜன்னல், எந்த வகுப்பு என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். துப்பியவர்களுக்குத் திட்டு விழும், பொறுப்பாசிரியரிடம் விளக்கம் கேட்பார்கள், படம் எடுத்தவளுக்குக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வரும். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு இங்கே எடுபடாது. சேலை, வண்டி எண், காம்பவுண்டு நிறம் எல்லாமே ஊருக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எடுத்தவளோடு தனியாக உட்கார்ந்து வழிகளைச் சொல்லுங்கள்: ஜன்னலை வெட்டிவிட்டு மாத்திரையை மட்டும் காட்டலாம், வெள்ளைத் தாளில் மாத்திரையை வைத்து மறுபடி எடுத்து ‘மீள எடுத்தது’ என்று குறிப்பிடலாம், படமே இல்லாமல் அவள் சொன்னதை மட்டும் பயன்படுத்தலாம், எல்லாவற்றையும் விட்டுவிடலாம். ஆய்வு அறிக்கை, ஆசிரியர் கூட்டம், கண்காட்சி, இணையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று டிக் போட ஒரு தாள் இருக்கட்டும். கலந்துரையாடல் முடிந்த கையோடு அதை நீட்டாதீர்கள், உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் விழும். சில நாள் விட்டு வாங்குங்கள். படத்தில் தெரியும் மற்றவர்களின் சம்மதம் வேறு தாள்.

செல்போனில் எடுத்த படமானால் கோப்புக்குள்ளேயே இருப்பிடம் பதிவாகியிருக்கலாம். பகிரப்போகும் நகல்களில் இதை ஓட்டுங்கள்:

```
exiftool -all= -tagsfromfile @ -orientation -overwrite_original photos/
```

கடைசி விருப்பத்தை விட்டுவிட்டால் `_original` என்று முடியும் பழைய கோப்புகள் அதே ஃபோல்டரில் இருப்பிடத்தோடு தங்கிவிடும். முகத்தை மறைக்க மங்கலாக்குவதைவிட முழுக் கறுப்புக் கட்டம் நம்பகமானது.

போக்சோ விஷயத்தை முதல் நாளே சொல்லியாக வேண்டும். மாத்திரை பற்றித்தானே ஆய்வு என்று இருந்துவிடாதீர்கள். “காலையில் ஏன் சாப்பிடவில்லை” என்ற கேள்வி நேராக வீட்டுக்குள் கொண்டுபோய்விடும். சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி கட்டாயம். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. எனவே “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதி இசைவுப் படிவத்தில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். “உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சிலரிடம் சொல்லியே ஆக வேண்டும், அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்று எழுதுங்கள். அப்படி ஒன்று வந்தால் குழுவில் மேற்கொண்டு பேச விடாமல் மெதுவாக நிறுத்தித் தனியாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள். ஆலோசகர் யார், அவர் எந்த நேரம் கிடைப்பார் என்பது களத்துக்குப் போகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகவே கொடுத்துவிடுங்கள்.

படத்தைத் திரும்பப் பெற ஒரு தேதியும் எழுதுங்கள். அச்சுக்குப் போகும்வரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கண்காட்சியில் வைத்த பிறகு, யாராவது செல்போனில் பிடித்துவிட்டால் யாராலும் திரும்ப வாங்க முடியாது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். மாணவிகளில் சிலர் அதைக் கேட்ட பிறகு ஒரு படத்தை உருவிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.