"பாக்கலாம்" என்ற சொல்லை நம்பி மரத்திலேயே நின்ற ஆறு டன் மாங்காய்

காவேரிப்பட்டணம் பக்கம் 22 வருடமாக மாங்காய் பறிப்புக்கு ஆள் வைத்து வேலை எடுக்கிறேன். என்னிடம் இருப்பது 14 பேர். மே, ஜூன் வந்துவிட்டால் ஒரே நாளில் பத்து தோட்டக்காரர்கள் கூப்பிடுவார்கள். அதனால் வருகிறேன் என்று நான் சொல்பவர்களை விட, வர முடியாது என்று சொல்ல வேண்டியவர்கள்தான் அதிகம். அதை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போச்சம்பள்ளி, விவசாயி: "அண்ணா, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படும். அதனாலதான் 'பாக்கலாம்'னு சொல்றோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டத்தை நானே ஒருவருக்கு உண்டாக்கியிருக்கிறேன். ஒன்பது வருடம் முன்பு, ஜூன் முதல் வாரம். ஒரு பெரியவர் திங்கட்கிழமை ராத்திரி போன் செய்தார். பெங்களூரா காய், ஆறு டன் இருக்கும், கூழ் ஆலைக்குப் போக வேண்டியது. "வியாழக்கிழமை பத்து ஆள் விடுவியாப்பா?" என்றார். என் ஆட்கள் அத்தனை பேரும் ஞாயிறு வரை வேறொரு தோட்டத்தில் இருப்பார்கள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனால் பழைய பழக்கம், விட மனசு வரவில்லை. "பாக்கலாங்ணா, முயற்சி பண்றேன்" என்றேன்.

எனக்கு அது "இல்லை". அவருக்கு அது "வியாழக்கிழமை". செவ்வாய்க்கிழமை இன்னொரு மேஸ்திரி தானாகவே வந்து, எட்டு ஆள் சும்மா இருக்கிறது, விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். "வேணாம்பா, நம்ம ஆளு வராரு" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். புதன்கிழமை லாரிக்கு முன்பணம் கொடுத்தார். வியாழன் காலை அவர் வீட்டம்மா பத்து பேருக்கு டீ போட்டுத் தூக்கில் ஊற்றி வரப்பில் வைத்திருந்தாராம். நான் போனை எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி காற்றும் மழையும். முற்றிய காய் காம்பில் எத்தனை நேரம் நிற்கும்? சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது ஒரு டன்னுக்குக் குறையாமல் சேற்றில் கிடந்தது. விழுந்த காய் அடிபட்டிருக்கும், ஓரிரு நாளில் உள்ளே கருத்துவிடும், ஆலையில் கழித்துவிடுவார்கள். பெரியவர் என்னைத் திட்டவில்லை. "நீ திங்கக்கிழமையே இல்லைன்னு சொல்லியிருந்தா, செவ்வாக்கிழமை வந்தவனை நான் விட்டிருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

நஷ்டம் அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் நடந்தது. மழுப்பலான பதில் ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பதோடு நிற்காது, அவர் வேறு வழி தேடுவதையும் நிறுத்திவிடும். சங்கடம் என்று சொல்கிறீர்களே, அன்று நான் காப்பாற்றிக்கொண்டது அவர் மனசை இல்லை, என்னுடையதை.

கிருஷ்ணகிரி, மளிகைக் கடை: "விளக்கு வைக்கிற நேரத்துல 'இல்லை'ங்கிற வார்த்தையே கடையில சொல்ல மாட்டோம். 'நாளைக்கு வாங்க'ன்னா இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். 'பாக்கலாம்'னா கூட அப்படித்தானே?"

பாதி சரி. உங்கள் கடைக்கு முப்பது வருடமாக வருகிற அம்மாவுக்கு அது புரியும். அவருக்கும் உங்களுக்கும் அது ஒரே பாஷை. புதிதாகக் குடிவந்தவர் மறுநாள் நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உப்போ புளியோ இல்லாவிட்டால் பக்கத்துக் கடை இருக்கிறது. கேட்கிறவருக்கு அவசரம் கூடக் கூட, "பாக்கலாம்" என்பது அவர் காதில் "சரி" என்றே விழும். பழக்கமுள்ளவர்கூட அப்போது தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். அந்தப் பெரியவருக்கு நம் ஊர்ப் பேச்சு தெரியாதா என்ன? ஆறு டன் காய் மரத்தில் நிற்கும்போது அவர் கேட்க விரும்பியதைத்தான் கேட்டார். வார்த்தை மங்கலமாக இருக்கட்டும், "சரக்கு தீர்ந்துடுச்சு, திங்கக்கிழமை வரும்" என்று சொல்லுங்கள். அதில் "இல்லை" வரவில்லை, சேதி முழுசாக வந்துவிட்டது.

ஓசூர், தமிழாசிரியை: "எங்க ஊர்ல தெலுங்குக்காரங்க 'சூத்தாம்', கன்னடக்காரங்க 'நோடோணா'ன்னு இதையேதான் சொல்றாங்க. ஆனா தமிழ் 'பார்க்கலாம்'ல இன்னொரு விஷயம் இருக்கு. 'பார்க்கிறேன்'னா 'நான்' உள்ளே இருக்கேன். 'பார்க்கலாம்' நான், நீ, அவங்க எல்லாருக்கும் ஒண்ணுதான். யார் பார்க்கணும்னே அதுல இல்லை. நீங்க இதைக் கவனிச்சதுண்டா?"

இவ்வளவு தெளிவாக நான் யோசித்ததில்லை அம்மா. ஆனால் நீங்கள் சொன்னதும் என் தொழிலில் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. "நான் ஆள் விடறேன்" என்று சொல்லியிருந்தால் தவறியதற்கு நான் பொறுப்பு. "பாக்கலாம்" என்றதால் யார் மேலும் பொறுப்பு இல்லை. அதனால்தான் வாயில் அவ்வளவு சுலபமாக வருகிறது.

இதே வழியில் மறுக்கிற சொற்களையும் பாருங்கள். "வரமாட்டேன்" என்றால் மனசில்லை என்று கேட்கும், கோபம் வரும். "வர முடியாது" என்றால் ஏதோ தடை இருக்கிறது என்று கேட்கும், உடனே "ஏன் முடியாது?" என்று தடையை நீக்கக் கிளம்புவார்கள். ஆள் இல்லை என்றால் நாலு ஆள் தருகிறேன் என்பார்கள், வண்டி இல்லை என்றால் வண்டி அனுப்புகிறேன் என்பார்கள். நான் இப்போது சொல்வது "இந்த வாரம் நாங்க வரலைங்ணா." முடிவாகிவிட்ட சேதி மாதிரி அது போய்ச் சேருகிறது. வாதமும் வருவதில்லை, முகமும் சுருங்குவதில்லை.

காரிமங்கலம்: "போன வருசம் ஒருத்தருக்குக் கைமாத்து 20,000 கொடுத்தேன். கேட்டா 'பாக்கலாம்'னே சொல்றார். இவருக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

இது வேறு விஷயம் தம்பி. அவர் மறுக்கவில்லை, தள்ளிப்போடுகிறார். மறுக்கிறவரிடம் பதில் வேண்டும், இவரிடம் தேதி வேண்டும். "எப்போ தருவீங்க" என்று கேட்டால் மறுபடியும் அதே சொல்தான் வரும். "வர்ற சந்தை அன்னிக்கு 2,000 கொடுங்க" என்று சின்னத் தொகையாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் "பாக்கலாம்" என்றால் பெரியவர்கள் யாரையாவது கூட வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஓசூர், கம்பெனி வேலை: "சூப்பர்வைசர் ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா 'ட்ரை பண்றேன் சார்'னு சொல்லுவேன். வரலைன்னா திங்கக்கிழமை திட்டு. ட்ரை பண்றேன்னுதானே சொன்னேன்?"

அவர் உங்களை எண்ணிக்கையில் சேர்த்து மிஷினுக்கு ஆள் போட்டிருப்பார். எனக்கும் என் ஆட்கள் அப்படிச் சொல்வதுண்டு. "முயற்சி பண்றேன்" என்று சொல்கிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: என்ன முயற்சி? தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அண்ணன் ஒத்துக்கொண்டால் வருவேன் என்றால் அது முயற்சி, அதற்கு நான் காத்திருக்கலாம். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் அவர் வரப்போவதில்லை. நீங்களே உங்களைக் கேட்டுப்பாருங்கள். சனிக்கிழமை ஷிப்ட் முடியும் முன் "நாளைக்கு வரலை சார்" என்றால் அன்றைக்கே கொஞ்சம் முணுமுணுப்பார். ஆனால் வேறு ஆள் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும்.

பாலக்கோடு, தக்காளி போடுகிறவர்: "நான் கேக்கற பக்கம் இருக்கேன். வண்டிக்காரர் 'சாயங்காலம் சொல்றேன்க்கா'ன்னா அதை நம்பறதா, விடறதா? தக்காளி ரெண்டு நாள் தாங்காது."

நம்புவதா என்று யோசிக்காமல் அவர் பதிலுக்கு ஒரு எல்லை கட்டிவிடுங்கள். "ஆறு மணி வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன், அதுக்கு மேல வேற வண்டி பாத்துக்கறேன், சரியா?" இப்படிச் சொன்னால் அவர் பேசாமல் இருந்தாலும் அதுவே பதிலாகிவிடும். வர எண்ணம் உள்ளவர் "இல்லக்கா, ஏழு மணி வரைக்கும் இருங்க, ஒரு லோடு இறக்கிட்டுக் கூப்பிடறேன்" என்பார். நேரமும் காரணமும் சேர்ந்து வந்தால் அது நிஜமான "பார்க்கலாம்". எண்ணமில்லாதவர் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிப் போனை வைப்பார். ரொம்ப வேகமாக வருகிற "சரிக்கா"வை நான் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் தப்பியதில்லை.

அரூர்: "பொண்ணு பாக்க வந்தவங்க 'ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்றோம்'னு போனாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. நேரா வேணாம்னு சொன்னா பொண்ணுக்கு அவமானம்னு என் அக்கா சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

உங்கள் அக்கா சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது முகத்துக்கு நேராக வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு மாதம் அந்தப் பெண் வேறு ஜாதகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தரகர் மூலம் ஒரு வாரத்துக்குள் "பொருத்தம் அமையலை" என்று சொல்லி அனுப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். என் மனைவி அதுவும் வேண்டாம், பேசாமல் இருந்தாலே புரிந்துகொள்வார்கள் என்கிறாள். இதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. உங்கள் விஷயத்தில், இன்றைக்கே தரகரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

பென்னாகரம்: "மாமா பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேக்கறார். எனக்கு இஷ்டமில்லை. மூணு வாரமா 'அப்புறம் பாக்கலாம் மாமா'ன்னு தள்ளிட்டு வர்றேன். இப்போ மனுவே குடுத்துட்டார்."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் வேறொருவரைக் கேட்டிருக்கலாம், அந்த நேரம் போய்விட்டது. இனி ஒவ்வொரு நாளும் அவருக்குத்தான் குறையும். போனில் வேண்டாம், இன்றைக்கே நேரில் போங்கள். சம்பளம், பிள்ளைகள் படிப்பு என்று காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். "மாமா, ஜாமீன் நான் போடலை. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு" என்று முதலில் சொல்லுங்கள். உங்களால் நிஜமாகச் செய்ய முடிவது ஏதாவது இருந்தால், வங்கிக்குக் கூடப் போவதோ கைக்காசு கொஞ்சம் கொடுப்பதோ, அதை அதன் பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் "பாக்கலாம்" மாதிரியே ஆகிவிடும். கோபித்துக்கொள்வார், அத்தை பேசாமல் இருப்பார். சாப்பிட்டுப் போ என்று யாராவது சொன்னால் மறுக்காமல் உட்காருங்கள்.