பேஸ்புக்கை போனிலிருந்து எடுத்தாயிற்று. மேலே போன கான்டாக்ட்ஸை அழிப்பது எப்படி?

கேள்வி: வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். நோயாளிகளின் எண்கள் எல்லாம் என் போனில்தான். சில மாதங்களுக்கு முன்பே பேஸ்புக், மெசஞ்சர் இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன், கணக்கை மூடவில்லை. போன வாரம் ஒரு நோயாளியின் மகள், "உங்க பேரு எனக்கு பேஸ்புக்ல காட்டுது சார்" என்றார். என் போனிலிருந்து போன எண்கள் இன்னும் அங்கே இருக்கின்றனவா? அழிக்க முடியுமா? அழித்தால் என் போனில் இருக்கும் எண்களும் போய்விடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். போகாது. பேஸ்புக்கின் சர்வரில் இருப்பது ஒரு நகல். அதை அழித்தாலும் உங்கள் போனிலோ கூகுள் கணக்கிலோ இருக்கும் முகவரிப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதேபோல ஆப்பை எடுத்ததால் அந்த நகலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் புதிய எண்கள் போகாது, அவ்வளவுதான். முன்பு போனவை நீங்களே போய் அழிக்கும் வரை இருக்கும்.

அவை எப்படிப் போயிருக்கும்? ஆப்பை முதல்முறை திறக்கும்போது, நண்பர்களைக் கண்டுபிடிக்க கான்டாக்ட்ஸை ஏற்றலாமா என்று ஒரு திரை கேட்கும். பெரிதாக ஒரு நீல பட்டன், அதற்குக் கீழே சின்னதாக 'வேண்டாம்'. அவசரத்தில் நீல பட்டனை அழுத்தாதவர்கள் குறைவு. அதன் பிறகு அது ஒரு தடவை நடந்து முடியும் வேலை அல்ல. நீங்கள் புதிதாகச் சேமிக்கும் எண்களும் தொடர்ந்து மேலே போய்க்கொண்டிருக்கும். எண் மட்டுமல்ல, நீங்கள் எந்தப் பெயரில் சேமித்தீர்களோ அந்தப் பெயரும் சேர்ந்தே போகும். உங்கள் தொழிலில் இதுதான் கவனிக்க வேண்டிய இடம். 'சரோஜா அம்மா முழங்கால்', 'பக்கவாதம் அண்ணாநகர்' என்றெல்லாம் சேமிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அங்கே கிடப்பது வெறும் எண் பட்டியல் இல்லை. யாருக்கு என்ன நோய் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

அழிக்கும் வேலையை லேப்டாப்பில் பிரௌசர் வழியாகச் செய்யுங்கள். இதற்காக ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். அது திரும்பவும் அதே நீலத் திரையைக் காட்டும்; கை தவறினால் எல்லா எண்களும் மறுபடி மேலே போய்விடும்.

பேஸ்புக்கில் லாகின் செய்துகொண்டு, இந்த இரண்டு முகவரிகளையும் தனித்தனியாகத் திறங்கள்:

```
facebook.com/mobile/facebook/contacts/
facebook.com/mobile/messenger/contacts/
```

முதலாவது பேஸ்புக் ஆப் ஏற்றியவை. இரண்டாவது மெசஞ்சர் ஏற்றியவை. ஒன்றை அழித்தால் மற்றதும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்துப் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டிலும் பட்டியலைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கும் பட்டனை அழுத்துங்கள். மெட்டா நிறுவனம் மெனுக்களை அடிக்கடி இடம் மாற்றும். இந்த முகவரிகள் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோனால் பயப்பட வேண்டாம். `Accounts Center` உள்ளே போய் `Your information and permissions` என்ற பகுதியில் contacts என்ற சொல் வரும் இடத்தைத் தேடுங்கள். அங்கேயும் இதே வேலையைச் செய்யலாம். இன்ஸ்டாகிராம் கணக்கும் இருந்தால் அதன் பட்டியல் வேறு. `instagram.com/accounts/contact_history/` என்ற பக்கத்தில் அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியிலாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக நடப்பது இதுதான்: புது போன் வாங்கியதும் பழையதை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம். அதில் மெசஞ்சர் அப்படியே இருக்கிறது, கான்டாக்ட்ஸ் ஏற்றும் வசதியும் ஆனில் இருக்கிறது, அந்தப் போனின் முகவரிப் புத்தகம் உங்கள் கூகுள் கணக்கோடு இன்னும் இணைந்திருக்கிறது. நீங்கள் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். பழைய போன் அதே பட்டியலை மறுபடி மேலே அனுப்பிவிடும். சில நாள் கழித்துப் பார்த்தால் எண்கள் அங்கேயே இருக்கும், அழிக்கும் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அதனால் அந்தக் கருவியில் முதலில் ஏற்றுவதை நிறுத்துங்கள். மெசஞ்சரில் உங்கள் படத்தைத் தொட்டு `Phone contacts` என்பதற்குள் போனால் அதை ஆஃப் செய்யலாம். அப்புறம் போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான கான்டாக்ட்ஸ் பெர்மிஷனையும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெர்மிஷன் இல்லாவிட்டால், பின்னால் ஆப்புக்குள் யார் தெரியாமல் ஆன் செய்தாலும் படிப்பதற்கு அதற்கு ஒன்றும் கிடைக்காது. யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத பழைய போன் என்றால், பேஸ்புக்கின் பாதுகாப்பு செட்டிங்ஸில் லாகின் ஆகியிருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். அங்கிருந்தே அதை வெளியேற்றிவிடலாம்.

உண்மையிலேயே அழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டியல் பக்கம் காலியாகத் தெரிந்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒரு வாரம் விட்டு அதே பக்கங்களை மறுபடி திறந்து பாருங்கள். எண்கள் திரும்ப வந்திருந்தால் எங்கோ ஒரு கருவி இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலை டவுன்லோட் செய்து பாருங்கள். முன்பு சொன்ன அதே `Your information and permissions` பகுதியில்தான் அந்த வசதியும் இருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, கால அளவு. தானாகத் தேர்வாகியிருப்பது கடந்த ஒரு வருடம் மட்டும் என்றால், அதற்கு முன் ஏற்றியவை வரவே வராது. நீங்கள் 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதை `All time` என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கோப்பின் வடிவம். `HTML` தேர்ந்தெடுங்கள், `JSON` வேண்டாம். பேஸ்புக் தரும் `JSON` கோப்பில் தமிழ்ப் பெயர்கள் தமிழாக இருக்காது. 'அ' என்ற ஒரே எழுத்து இப்படிச் சிதறி நிற்கும்:

```
\u00e0\u00ae\u0085
```

'அம்மா' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஆனால் பெயர் அங்கேதான் இருக்கும். `HTML` கோப்பை பிரௌசரிலேயே திறந்து பழையபடி தமிழில் படிக்கலாம். பெயருக்குப் பதில் எண்ணை வைத்துத் தேடுவது இன்னும் நல்லது. அதிலும், நாட்டுக் குறியீடோடும் இல்லாமலும் சேமித்திருக்கலாம் என்பதால் கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் போட்டுத் தேடுங்கள். உங்கள் நோயாளிகள் நாலைந்து பேரின் எண்களைத் தேடிப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை லேப்டாப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். உங்கள் மெசேஜ்கள் உட்பட எல்லாம் அதில் இருக்கலாம்.

கணக்கையே மூடிவிடலாம் என்று நினைத்தால், கான்டாக்ட்ஸை அழித்து, சரிபார்த்து, அதற்குப் பிறகு மூடுங்கள். மூடிவிட்டால் உள்ளே போய்ப் பார்க்க வழி இருக்காது. தற்காலிகமாக முடக்குவது வேறு, நிரந்தரமாக அழிப்பது வேறு. முடக்கினால் சர்வரில் எதுவும் அழியாது. நிரந்தரமாக அழிக்கச் சொன்னாலும் முதல் 30 நாட்கள் மனம் மாறுவதற்கான அவகாசம். எல்லாத் தகவலையும் நீக்கி முடிக்க, அழிக்கும் பணி தொடங்கியதிலிருந்து 90 நாட்கள் வரை ஆகலாம் என்று மெட்டா சொல்கிறது. ஏற்கெனவே அழிக்கச் சொல்லிவிட்டு இப்போதுதான் கான்டாக்ட்ஸ் ஞாபகம் வருகிறது என்றால், அந்த 30 நாட்களுக்குள் லாகின் செய்து, அழிப்பதை ரத்து செய்து, எண்களை நீக்கிவிட்டு, மறுபடி விண்ணப்பிக்கலாம்.

சரி, இத்தனையும் செய்த பிறகு அந்தப் பெண்ணின் பேஸ்புக்கில் உங்கள் பெயர் வராமல் போகுமா? அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். நீங்கள் அழித்தது நீங்கள் ஏற்றிய நகலை. சிகிச்சைக்கு அழைப்பதற்காக உங்கள் எண்ணை அவரும், அவர் அம்மாவும், பக்கத்து வீட்டுக்காரரும் சேமித்திருப்பார்கள். அவர்களின் போன் தன் பங்குக்கு உங்கள் எண்ணை ஏற்றியிருக்கும். பரிந்துரை அந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், இருவருக்கும் பொதுவான நண்பர்கள் வழியாகவும் வரலாம்.

இப்படிப் பலர் ஏற்றும் முகவரிப் புத்தகங்கள் உள்ளே எப்படிக் கோர்க்கப்படுகின்றன என்பது 2013 ஜூனில் வெளியே தெரிந்தது. அப்போது இருந்த ஒரு பிழையால், தன் தகவலை டவுன்லோட் செய்தவர்களுக்கு, மற்றவர்கள் ஏற்றியிருந்த எண்களும் மின்னஞ்சல்களும் சேர்ந்து வந்தன. சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் அப்படிக் கசிந்ததாக பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஒருவரின் எண் பலருடைய பட்டியல்களில் ஒரே நேரத்தில் இருக்கும் என்பது இன்றும் மாறவில்லை.

மற்றவர்கள் ஏற்றிய உங்கள் எண்ணுக்கும் ஒரு வழி இருக்கிறது, விளம்பரம் இல்லாமல் ஒரு மூலையில். 2022-இல் மெட்டா இந்தப் பக்கத்தைத் திறந்தது:

```
facebook.com/contacts/removal
```

இதில் உங்கள் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்து, பேஸ்புக், மெசஞ்சர், இன்ஸ்டாகிராம் எதில் தேட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண் உங்களுடையதுதானா என்று பார்க்க ஓடிபி அனுப்புவார்கள். மற்றவர்களின் முகவரிப் புத்தகம் வழியாக அது வந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். இனி யார் ஏற்றினாலும் சேராதபடி தடுக்கவும் சொல்லலாம். தடுப்பதற்காக எண்ணின் ஒரு நகலைத் தடைப்பட்டியலில் அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணை மறக்காமல் இருந்தால்தான் மறுபடி வரும்போது தடுக்க முடியும் என்பதால் வேறு வழியும் இல்லை.

உங்கள் கணக்கிலேயே இந்த எண்ணைக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். கணக்கின் சொந்த விவரங்களில் போய் முதலில் அதை எடுக்க வேண்டும். நோயாளிகளுக்காக இந்தப் பக்கத்தில் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் போகும். விருப்பமுள்ளவர்களுக்கு அந்த முகவரியை அனுப்பிவையுங்கள். உங்கள் போனில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நோய்க் குறிப்பை எடுத்து ஒரு தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டு, யோசிக்காமல் சம்மதித்துவிட்டாலும், பெயரும் எண்ணும் மட்டும்தான் போகும்.