காலிப் பதவியின் பொறுப்பைக் கவனிக்கும் மகளுக்குப் பொறுப்புப்படி கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் அனுப்பியிருந்த அலுவலக ஆணையின் நகலையும் படித்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கும் உங்கள் மகள், நிர்வாக அதிகாரி ஓய்வு பெற்றதால் காலியான இடத்தைத் தம் வேலையோடு சேர்த்துக் கவனித்து வருகிறார் என்றும், சம்பளத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றும், கேட்டால் நாளை பதவி உயர்வுக்குத் தடையாகிவிடுமோ என்று அவர் தயங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவருக்குப் பொறுப்புப்படி, அதாவது கூடுதல் பொறுப்புக்கான பணம், வர வேண்டுமா என்பதை அவர் எவ்வளவு நேரம் உழைக்கிறார் என்பதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. அவர் கையில் இருக்கும் ஆணை எந்த வகையைச் சேர்ந்தது என்பதே அதை முடிவு செய்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய அரசு ஊழியர் ஒருவர் தம் பதவியோடு இன்னொரு பதவியின் பொறுப்பையும் வகிக்கும்போது ஊதியம் எப்படி என்பதை அடிப்படை விதி 49 சொல்கிறது. அதே அலுவலகத்தில், அதே பதவி உயர்வு வரிசையில் உள்ள மேல் பதவியின் முழுப் பொறுப்பும் முறைப்படியான நியமன ஆணையின் மூலம் தரப்பட்டால், அந்த மேல் பதவியில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்தால் என்ன ஊதியம் கிடைக்குமோ அதைப் பெறலாம். அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு பதவியின் வழக்கமான அன்றாட வேலைகளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், எவ்வளவு காலம் பார்த்தாலும் கூடுதல் ஊதியம் கிடையாது. உங்கள் மகளின் ஆணையில் "மறு உத்தரவு வரும் வரை அன்றாட அலுவல்களைக் கவனிப்பார், இதற்குக் கூடுதல் ஊதியம் இல்லை" என்ற பொருளில் இருப்பதால், சம்பளப் பிரிவினர் பணம் போடாதது அவர்கள் தவறல்ல. ஆணை அப்படி இருக்கும்போது அவர்களால் போடவும் முடியாது.

அப்படியானால் ஆணையே சரிதானா என்ற கேள்வி வருகிறது. இதற்கு மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 1989 ஆகஸ்ட் 11 அன்று வெளியிட்ட அறிவுரை மிகவும் உதவும். சட்டமோ பணி விதிகளோ ஒரு பதவிக்குத் தரும் அதிகாரங்கள் உட்பட எல்லாக் கடமைகளையும் ஒருவர் செய்ய வேண்டியிருந்தால், தகுதி வாய்ந்த அதிகாரியின் ஒப்புதலைப் பெற்று முறையான நியமன ஆணை வெளியிட வேண்டும் என்றும், விதி 49-ன்படி ஊதியம் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. அன்றாட வேலை மட்டும் என்றால், அதை ஆணையில் வெளிப்படையாக எழுதுவதோடு, எந்தக் கடமைகளைச் செய்வார், எவற்றைச் செய்யமாட்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும். உங்கள் மகளின் ஆணையில் இந்தக் கடைசிப் பகுதி இல்லவே இல்லை. பொறுப்பு எந்த நாளோடு முடியும் என்பதும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் அவருக்குப் பாதகமானவை. அவர் கேட்க வேண்டியதும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

இனி அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பொறுப்பேற்ற நாளிலிருந்து தாம் கையெழுத்திட்ட கோப்புகளை ஒருமுறை பார்ப்பது. தபால் பிரித்துக் கொடுப்பது, வருகைப் பதிவைச் சரிபார்ப்பது, பிரிவுகளின் வேலையை ஒருங்கிணைப்பது போன்றவை அன்றாட அலுவல்கள். நிர்வாக, நிதி அதிகாரங்களைப் பயன்படுத்தியிருந்தால்கூட அது முழுப் பொறுப்பு வகித்ததற்குச் சான்றாகிவிடாது. ஏனென்றால் அன்றாடப் பொறுப்பு வகிப்பவர் அவற்றைப் பயன்படுத்தலாம் என்று 1963-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. அவர் பயன்படுத்தக்கூடாதவை, நாடாளுமன்றச் சட்டத்திலிருந்தோ அரசமைப்பின்படி வகுக்கப்பட்ட விதிகளிலிருந்தோ வரும் அதிகாரங்கள். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்கீழ் ஊழியர் ஒருவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்குவதும் தண்டனை விதிப்பதும் இதில் சேரும். நிர்வாக அதிகாரி என்ற முறையில் அப்படி ஒரு ஆணையில் அவரைக் கையெழுத்திட வைத்திருந்தால், இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, பாதிக்கப்பட்ட ஊழியர் அதிகாரமில்லாதவர் பிறப்பித்த ஆணை என்று அதை எதிர்க்கலாம். இன்னொன்று, அலுவலகம் உண்மையில் அவரிடம் முழுப் பொறுப்பையே ஒப்படைத்திருக்கிறது, தாளில் மட்டும் அன்றாடப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது என்பதற்கு அதுவே வலுவான சான்று. பணத்தைவிட முதல் விளைவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். முறையான ஆணை வரும் வரை அத்தகைய கோப்புகளை உரிய குறிப்புடன் மேலதிகாரிக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

முறையான ஆணை வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் உங்கள் மகள் நிலை 6-ல் ரூ.38,700 அடிப்படை ஊதியம் பெறுகிறார். நிர்வாக அதிகாரி பதவி நிலை 7. தற்போதைய நிலையிலேயே ஓர் ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்த்தால் ரூ.39,900 வரும். நிலை 7-ல் அந்தத் தொகைக்குச் சமமான கட்டமோ, இல்லையென்றால் அடுத்த மேல் கட்டமோ எது என்று பார்க்க வேண்டும். நிலை 7 தொடங்குவதே ரூ.44,900-ல் என்பதால் அதுவே அவருடைய ஊதியமாகும். ஆக மாதத்துக்கு அடிப்படையில் ரூ.6,200 வித்தியாசம். விதி 35-ன்கீழ் இதைக் குறைத்து நிர்ணயிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதால், தொகையை ஆணையிலேயே எழுதிப் பெறுவது நல்லது. "விதிகளின்படி ஊதியம்" என்று மட்டும் எழுதிவிட்டால், பின்னர் தணிக்கையில் ஆட்சேபம் எழும்போது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலைகூட வரலாம்.

இந்தக் கணக்கு ஒரே அலுவலகம், ஒரே பதவி உயர்வு வரிசை என்பதற்கு மட்டுமே பொருந்தும். நாளை அவருக்கு வேறு அலுவலகத்திலுள்ள பதவியின் பொறுப்பைத் தந்தால் நடைமுறை மாறும். அங்கே கூடுதல் பதவியின் உத்தேச ஊதியத்தில், அதாவது அந்தப் பதவியை முறைப்படி வகித்திருந்தால் கிடைத்திருக்கும் ஊதியத்தில், 10 சதவீதம் சேர்த்துத் தரப்படும். அதுவும் பொறுப்பு 45 நாட்களைத் தாண்டினால்தான் உண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் போனால் நிதி அமைச்சகத்தின் இசைவு வேண்டும். அதனால்தான் ஆணையில் தொடக்க நாளும் முடிவு நாளும் அவசியம் என்று சொல்கிறேன். தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கும் உங்கள் மருமகனுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மாநிலத்துக்கென்று தனி அடிப்படை விதிகள் உண்டு.

"கூடுதல் ஊதியம் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் முறையான ஆணை போடுகிறோம்" என்று அலுவலகத்தில் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம். சண்டிகர் நிர்வாகத்தின் ஊழியர் ஒருவர் தற்காலிக ஏற்பாடாக மேல் பதவியில் அமர்த்தப்பட்ட வழக்கில், அப்படிப்பட்ட உறுதிமொழி பொதுக்கொள்கைக்கு முரணானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அந்தமானில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வழக்கும் வந்தது. சாரணர் செயலாளர் பதவியின் பணிகளைக் கவனிக்கச் சொன்ன ஆணையிலேயே அந்தப் பதவிக்கான ஊதியம் வழங்கப்படும் என்று இருந்ததால், அவர் முறைப்படி பதவி உயர்வு பெறாதவராக இருந்தும், உழைத்த காலத்துக்கான ஊதிய வித்தியாசத்தைக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊதியத்தைப் பற்றி ஆணையில் ஒரு வரி இருப்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இதிலிருந்து பார்க்கலாம். உங்கள் மகளின் ஆணையில் அந்த வரி அவருக்கு எதிராக இருக்கிறது. ஆகவே இந்தத் தீர்ப்பை அப்படியே தம் வழக்குக்கு ஆதாரமாக அவர் கொள்ள முடியாது. முதலில் ஆணையைத் திருத்தக் கேட்க வேண்டும்.

ஆனால் "இந்தப் பொறுப்பு பணிமூப்புக்கோ நிரந்தரப் பதவி உயர்வுக்கோ உரிமை தராது" என்ற வாசகம் ஆணையில் வந்தால் அதை எதிர்க்க வேண்டாம். அது வழக்கமான, சட்டப்படி சரியான வாசகம். மேல் பதவியின் வேலையைச் செய்யச் சொல்வது பதவி உயர்வு ஆகாது, பொறுப்புப்படிக்கு மட்டுமே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. அதேபோல், நிர்வாகக் காரணத்தால் பழைய பதவிக்குத் திரும்பும்போது அது தண்டனையாகவும் கருதப்படாது. பதவி உயர்வுக் குழு முக்கியமாகப் பார்ப்பது பணிமூப்பையும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளையும்தான். விதியைச் சுட்டிக்காட்டி மரியாதையாக விளக்கம் கேட்ட விண்ணப்பம் அதில் குறையாக எழுதப்பட வேண்டிய செயல் அல்ல.

விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். உங்கள் மகள் இப்படி எழுதலாம்: "தங்கள் ஆணையின்படி இன்ன நாள் முற்பகல் முதல் நிர்வாக அதிகாரி பதவியின் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். 11.8.1989 நாளிட்ட அறிவுரைப்படி நான் செய்ய வேண்டிய கடமைகளையும் செய்யக்கூடாத கடமைகளையும் ஆணையில் குறிப்பிட வேண்டுகிறேன். இணைப்பில் கண்டுள்ள கோப்புகளில் பதவியின் முழுக் கடமைகளையும் ஆற்றியிருப்பதால், அடிப்படை விதி 49-ன்படி முறையான நியமன ஆணையும், பொறுப்புக் காலமும் ஊதியமும் குறிப்பிட்டு வழங்க வேண்டுகிறேன்." இதனுடன் பொறுப்பேற்பு அறிக்கையின் நகலையும், கோப்பு எண்களின் பட்டியலையும் இணைக்க வேண்டும். கோப்புகளின் நகல்களை வெளியே எடுத்து வரக்கூடாது, எண்ணும் நாளும் போதும். தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதங்களாகியும் பதில் இல்லையென்றால், அதிலிருந்து ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குச் செல்லலாம். அந்த முத்திரை இல்லாமல் நாள் கணக்கைக் காட்ட முடியாது.

வீட்டுக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ஆணை வந்து ரூ.6,200 கூடினாலும், அதை நம்பி மாதத் தவணையை உயர்த்த வேண்டாம். பதவிக்கு நிரந்தர அதிகாரி வந்து சேரும் நாளிலேயே அந்தத் தொகை நின்றுவிடும்.

திருத்திய ஆணையில் ஒரு முடிவு நாள் இருந்தால், அதற்கு இரண்டு வாரங்கள் முன்பே நீட்டிப்பு கேட்டு எழுதச் சொல்லுங்கள். நீட்டிப்பு வராமல் அந்த நாள் கடந்துவிட்டால், பொறுப்பை மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்பதையும் குறித்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆணை இல்லாத நாட்களில் செய்யும் வேலைக்கு ஊதியம் பெறுவது மிகவும் கடினம். அந்நாட்களில் இடும் கையெழுத்துக்கோ பொறுப்பு முழுவதும் அவர்மீதே விழும்.

அன்புடன்,
தொழில் வழிகாட்டி ஆலோசகர்