எஸ்எம்எஸ் போகும் நேரம் பார்த்து மோட்டர் ஏன் நிற்கிறது?

கேள்வி: விசுவமடுவில எங்கட தோட்டக் கிணத்து மோட்டருக்கு ESP32-C3 போர்டில FreeRTOS போட்டு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தனான். மோட்டரின்ர கரண்டைப் பார்க்கிற டாஸ்க்குக்கு முன்னுரிமை 3, எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு 2, மண் ஈரம் பார்க்கிறதுக்கு 1. கரண்டும் ஈரமும் ஒரே ஐ2சி வயரில, அதுக்கு `xSemaphoreCreateBinary` பூட்டு. எஸ்எம்எஸ் போகேக்க எப்பவாவது வெளி வாட்ச்டாக் போர்டை ரீசெட் பண்ணுது, மோட்டர் நிண்டுடுது. முதல் டாஸ்க்கை 10 ஆக்கியும் பார்த்தன், மாற்றமில்லை. என்ன பிழை? (மாணவர், கிளிநொச்சி)

பதில்: பிழை பூட்டின் வகையில் இருக்கிறது. முன்னுரிமையை 10 இல்லை, 20 ஆக்கினாலும் இது தீராது. உங்கள் முதல் டாஸ்க் சிபியுவுக்காகக் காத்து நிற்கவில்லை, பூட்டுக்காக நிற்கிறது. பூட்டோ கடைசி டாஸ்க்கின் கையில் இருக்கிறது.

நடப்பதை மில்லிசெக்கன் கணக்கில் பார்ப்போம். ஈரம் பார்க்கும் டாஸ்க் 4 மில்லிசெக்கன் பூட்டை வைத்திருக்கும் என்றும், எஸ்எம்எஸ் டாஸ்க் மோடத்தின் பதிலுக்காக 700 மில்லிசெக்கன் சிபியுவை விடாமல் சுழன்றுகொண்டிருக்கும் என்றும், கரண்ட் டாஸ்க் 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எழும்பி, அளந்து முடித்தபின் வாட்ச்டாக்கைத் தட்டும் என்றும் வைத்துக்கொள்வோம்.

0: ஈரம் பூட்டை எடுக்கிறது. 1: எஸ்எம்எஸ் எழும்புகிறது. அதன் முன்னுரிமை கூட என்பதால் ஈரம் பாதியில் நிற்கிறது, பூட்டு கையிலேயே. 5: கரண்ட் எழும்புகிறது, பூட்டைக் கேட்கிறது, கிடைக்காமல் தூங்கப் போகிறது. இப்போது ஓடத் தயாராக இருப்பவர்களில் பெரியவர் யார்? எஸ்எம்எஸ். அது 701 வரை ஓடும். அதன்பிறகுதான் ஈரம் மிச்ச 3 மில்லிசெக்கனை முடித்து, 704இல் பூட்டைக் கொடுக்கும். ஆனால் வாட்ச்டாக் கடைசியாகத் தட்டப்பட்டது ஏறக்குறைய −95இல். உங்கள் பெட்டியில் அதன் எல்லை அரைச் செக்கன் என்றால் 405இலேயே ரீசெட் அடித்துவிடும்.

ஐ2சி பக்கமே போகாத எஸ்எம்எஸ், தன்னைவிடப் பெரிய டாஸ்க்கை மறைமுகமாக நிறுத்திவைக்கிறது. இதுதான் முன்னுரிமை தலைகீழாதல், பிரயாரிட்டி இன்வர்ஷன். அந்த 4 மில்லிசெக்கன் இடைவெளிக்குள் எஸ்எம்எஸ் வந்து விழுந்தால்தான் நடக்கும் என்பதால், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது அகப்படாது. தோட்டத்தில் பூட்டினபிறகுதான் தலையைக் காட்டும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலமும் இதே காரணத்தால்தான் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. பூமியிலிருந்தபடியே அதன் மியூடெக்ஸ் என்ற பூட்டில் அணைத்துவைத்திருந்த ஒரு அமைப்பைப் போட்டுவிட்டுத்தான் சரிசெய்தார்கள்.

அந்த அமைப்பு முன்னுரிமை கடன்வாங்கல், பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். பெரிய டாஸ்க் ஒரு பூட்டுக்காக நிற்கத் தொடங்கியதும், பூட்டை வைத்திருப்பவருக்கு அதே முன்னுரிமை தற்காலிகமாக ஏறும். உங்கள் கணக்கில் 5இல் ஈரம் 3க்கு உயர்கிறது, எஸ்எம்எஸ் அதை மறிக்க முடியாது. 8இல் பூட்டை விட்டு மறுபடி 1க்கு இறங்குகிறது, கரண்ட் உடனே ஓடுகிறது. காத்திருப்பு 699 மில்லிசெக்கனிலிருந்து 3க்கு வந்துவிட்டது.

FreeRTOSஇல் பைனரி சேமஃபோருக்கு இந்த வசதி கிடையாது; மியூடெக்ஸுக்கு உண்டு. மாற்ற வேண்டியது ஒரே வரி:

```c
i2cLock = xSemaphoreCreateMutex();
```

பைனரி சேமஃபோர் வெறுமையாகப் பிறப்பதால் தொடக்கத்தில் ஒரு `xSemaphoreGive` போட்டிருப்பீர்கள். மியூடெக்ஸ் திறந்தபடியே பிறக்கும், அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்த டாஸ்க்தான் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இன்டரப்டுக்குள் மியூடெக்ஸைத் தொடக்கூடாது.

மாற்றுவதற்கு முன் இதுதான் வியாதியா என்று உறுதிப்படுத்த, கரண்ட் டாஸ்க்கில் இதைப் போடுங்கள்:

```c
int64_t t = esp_timer_get_time();
xSemaphoreTake(i2cLock, portMAX_DELAY);
int64_t w = esp_timer_get_time() - t;
if (w > maxWait) maxWait = w;
```

விடை மைக்ரோசெக்கனில் வரும். வாட்ச்டாக்கைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட விடுங்கள் (மோட்டர் இல்லாமல், ரிலேயை மட்டும் வைத்து). அதிகபட்சக் காத்திருப்பு பூட்டு வைத்திருக்கும் நேரத்தை ஒட்டி இருந்தால் பிரச்சினை வேறெங்கோ. எஸ்எம்எஸ் ஓடும் நேரத்தை ஒட்டி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம், உங்கள் ஈரம் டாஸ்க்கை ஒருமுறை திறந்து பாருங்கள். சென்சார் அளந்து முடியும்வரை பூட்டைப் பிடித்தபடி `vTaskDelay` போட்டிருந்தால் மியூடெக்ஸும் கைகொடுக்காது. தூங்குகிற டாஸ்க்குக்கு எவ்வளவு முன்னுரிமை ஏறினாலும் அது நேரத்தோடு எழும்பாது. அளக்கச் சொல்லிவிட்டுப் பூட்டை விடுங்கள், வெளியே காத்திருங்கள், பிறகு மறுபடி எடுத்து விடையை வாசியுங்கள்.